13-வது கம்பி ஏன் நிற்கிறது? பருவ அரிமா மாதிரியில் அறிகுறி பார்த்துப் பிழை நீக்குதல்

மஸ்கெலியாவிலிருந்து மாலை வகுப்புக்கு வரும் தம்பி ஒருவர் ஹட்டன்–நல்லதண்ணி பஸ்ஸில் மாதாமாதம் ஏறியவர்களின் எண்ணிக்கையை ஒரு கோப்பாகச் சேர்த்திருந்தார். 2012 ஜனவரியில் தொடங்கி 2019 டிசம்பர் வரை 96 மாதம். அதை வைத்து அடுத்த வருடத்துக்கு எதிர்வுகூற வேண்டும் என்று முந்தின மாதங்களையும் போன வருடத்தின் அதே மாதத்தையும் வைத்து அடுத்ததைச் சொல்லும் பருவ அரிமா, அதாவது seasonal ARIMA, மாதிரியைப் பொருத்திவிட்டு, "சேர், என்ன செய்தாலும் ஒரு கம்பி மிச்சம் நிக்குது" என்று மீதியின் தன்தொடர்புப் படத்தைக் காட்டினார். மீதி என்பது மாதிரி சொன்னதற்கும் உண்மைக்கும் உள்ள வித்தியாசம். ஓர் எண் இத்தனை மாதம் முந்தின எண்ணோடு எவ்வளவு ஒட்டிப்போகிறது என்பதை ஒவ்வொரு கம்பியும் காட்டும். அன்றிரவு இருவரும் தேடிக் கண்டுபிடித்தவற்றையும், வேறு பிள்ளைகளின் கோப்புகளில் நான் திரும்பத் திரும்பக் காணும் கோளாறுகளையும் அறிகுறி வாரியாக இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு பழக்கம். சொந்தத் தரவில் ஏதாவது பிசகினால் பிழை தரவில் இருக்கிறதா, உங்கள் கட்டளையில் இருக்கிறதா என்று தெரியாது. ஆகவே அதே கட்டளையை விடை தெரிந்த தரவில் ஓட்டிப் பாருங்கள். ஆர் மென்பொருளோடு `AirPassengers` என்ற கோப்பு கூடவே வருகிறது. 1949 ஜனவரி முதல் 1960 டிசம்பர் வரை 144 மாதங்களின் சர்வதேச விமானப் பயணிகள், ஆயிரக்கணக்கில். பொக்ஸும் ஜென்கின்ஸும் 1970-இல் இந்தத் தரவை வைத்துத்தான் பெருக்கல் பருவ மாதிரியை விளக்கினார்கள். அவர்கள் பொருத்திய மாதிரியை இன்றும் ஏர்லைன் மாதிரி என்றே சொல்கிறோம்:

```
(1 - B)(1 - B^12) log y_t = (1 - θB)(1 - ΘB^12) e_t
```

B என்பது ஒரு மாதம் பின்னால் போவது, B^12 என்பது ஒரு வருடம் பின்னால் போவது. இடப்பக்கம் வேறுபாடு எடுக்கும் வேலை. வலப்பக்கம் மிஞ்சிய அதிர்வுகளின் நினைவு: e_t அந்த மாதத்தின் அதிர்வு, θ ஒரு மாத நினைவின் அளவு, Θ ஒரு வருட நினைவின் அளவு.

எதிர்வுகூறல் அலையே இல்லாமல் நேர்கோடாகப் போகிறது

மாதிரியில் பிழை இல்லை. உங்கள் எண்கள் மாதவாரியானவை என்பது மென்பொருளுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். கோப்பிலிருந்து வாசித்த நிரலை அப்படியே கொடுத்தால் பருவ நீளம் 1 என்று எடுத்துக்கொள்ளும். நீங்கள் கேட்ட பருவ வேறுபாடு அப்போது இன்னொரு சாதாரண வேறுபாடாகிவிடும். இரண்டு தடவை சாதாரண வேறுபாடு எடுத்த மாதிரி நேர்கோட்டைத்தான் தரும்.

```r
y <- ts(kanakku, start = c(2012, 1), frequency = 12)
```

அலை வருடத்துக்கு வருடம் விரிகிறது, மீதியும் கடைசி வருடங்களில் பெருக்கிறது

மடக்கை எடுக்கவில்லை. விமானத் தரவில் 1949-இன் மிகக் குறைந்த மாதம் 104, மிகக் கூடியது 148. இடைவெளி 44. 1960-இல் 390-உம் 622-உம், இடைவெளி 232. இடைவெளி ஐந்து மடங்குக்கு மேல் வளர்ந்துவிட்டது. ஆனால் கூடியதைக் குறைந்ததால் வகுத்துப் பாருங்கள்: முதல் வருடம் 1.42, கடைசி வருடம் 1.59. விகிதம் அவ்வளவாக அசையவில்லை. பருவம் கூட்டலாக இல்லாமல் பெருக்கலாக வருகிறது என்பதற்கு இதுதான் அடையாளம். மடக்கை எடுத்தால் பெருக்கல் கூட்டலாகிவிடும். திரும்ப `exp` போட்டு எண்ணிக்கைக்கு வரும்போது கிடைப்பது சராசரி அல்ல, இடையம் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

"பெருக்கல்" என்ற சொல் இந்த விஷயத்தில் இரண்டு இடங்களில் வருகிறது, பிள்ளைகள் குழம்புவது இங்கேதான். மடக்கை கவனிப்பது அலையின் அளவில் உள்ள பெருக்கலை. பெருக்கல் பருவ உறுப்பு என்பது வேறு. அது மேலே உள்ள சமன்பாட்டின் வலப்பக்கத்தில் இரண்டு அடைப்புகள் ஒன்றோடொன்று பெருகுவது. மடக்கை எடுத்துவிட்டேன், ஆகவே பெருக்கல் மாதிரி போட்டாயிற்று என்று நினைக்கக் கூடாது.

தன்தொடர்புப் படத்தில் 12, 24, 36 என்று உயரமான கம்பிகள், மெல்ல மெல்லத்தான் குறைகின்றன

பருவ வேறுபாடு எடுக்க வேண்டும் என்று தரவு கேட்கிறது. ஒவ்வொரு மாதத்திலிருந்தும் போன வருடத்தின் அதே மாதத்தைக் கழிக்க வேண்டும். அதன்பிறகும் கம்பிகள் மெதுவாகத் தேய்ந்தால் ஒரு சாதாரண வேறுபாடும் எடுங்கள்.

```r
w <- diff(diff(log(AirPassengers), lag = 12))
acf(w, lag.max = 40)
```

இங்கே மூன்று சின்னப் பள்ளங்கள் இருக்கின்றன. `lag = 12` என்று எழுத வேண்டிய இடத்தில் சிலர் `differences = 12` என்று எழுதிவிடுகிறார்கள். அது பன்னிரண்டு தடவை அடுத்தடுத்து வேறுபாடு எடுக்கும். இரண்டிலும் 12 மாதம்தான் குறையும் என்பதால் நீளத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. எண்கள் தாறுமாறாகப் பெருகியிருப்பதைப் பார்த்துத்தான் பிடிக்கலாம். அடுத்தது, ஆர் வரையும் படத்தில் கீழ் அச்சு மாதத்தில் இல்லை, வருடத்தில் இருக்கிறது. 1.0 என்ற இடத்தில் நிற்பதுதான் 12-வது கம்பி, அதற்கு அடுத்ததுதான் 13-வது. "பன்னிரண்டைக் காணோமே" என்று தேடுகிறவர்கள் பெரும்பாலும் இதைக் கவனிக்காதவர்கள். மூன்றாவது, `lag.max` கொடுக்காவிட்டால் இந்த நீளமுள்ள தரவுக்குப் படம் 21-வது கம்பியோடு நின்றுவிடும். 24-ஐப் பார்க்கவே முடியாது.

இந்த இரட்டை வேறுபாடு என்ன செய்கிறது என்பதைக் கையால் ஒரு தடவை போட்டுப் பார்ப்பது நல்லது. 1959 ஜனவரி 360, பிப்ரவரி 342. 1960 ஜனவரி 417, பிப்ரவரி 391. மடக்கையில் ஜனவரி போன வருடத்தைவிட 0.147 கூட, பிப்ரவரி 0.134 கூட. இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் −0.013. அதாவது, வருட வளர்ச்சி ஜனவரியில் இருந்த அளவுக்குப் பிப்ரவரியில் இல்லை, 1.3 சதவீதம் அளவுக்குப் பின்தங்கிவிட்டது. `w`-இல் உள்ள 131 எண்களும் இப்படிப்பட்டவைதான். பருவமும் போக்கும் கழிந்த பிறகு மிஞ்சும் "எதிர்பார்த்ததைவிட எவ்வளவு" என்ற கேள்விக்குப் பதில்.

அளவுக்கு மீறி எடுத்துவிட்டாலும் தெரியும். இன்னொரு பருவ வேறுபாடு எடுத்த பிறகு நியம விலகல் குறைவதற்குப் பதிலாகக் கூடினால், அல்லது 12-வது கம்பி −0.5-ஐ ஒட்டி இறங்கினால், ஒரு படி பின்னால் வாருங்கள். மாதிரி பொருத்திய பிறகு, Θ-வுக்கு ஆர் வைக்கும் பெயரான `sma1` −1-இல் போய் ஒட்டிக்கொள்வதும் அதே குடும்பத்து அறிகுறி. பருவ வடிவம் வருடத்துக்கு வருடம் மாறவே இல்லை, பன்னிரண்டு மாதத்துக்கும் நிலையான அளவுகளே போதும் என்று அது சொல்கிறது. எட்டு வருடத் தரவில் இது அடிக்கடி வரும், ஏனென்றால் வடிவம் மாறுவதைக் காண அவ்வளவு காலம் போதாது.

12-வது கம்பியைச் சரிசெய்தாலும் 11-லும் 13-லும் ஏதோ நிற்கிறது

தம்பியின் சிக்கல் இதுதான். அவர் 1-வது கம்பிக்கு ஓர் உறுப்பு, 12-வது கம்பிக்கு ஓர் உறுப்பு என்று தனித்தனியாகக் கூட்டிப் போட்டிருந்தார். 13 மிஞ்சியது. பிறகு 1 முதல் 13 வரை எல்லாவற்றையும் திறந்துவிட்டார். கம்பிகள் அடங்கின, ஆனால் பதின்மூன்று கெழுக்களில் பாதிக்கு மேல் நியம வழு கெழுவைவிடப் பெரிதாக இருந்தது.

ஏன் 13? சிவனொளிபாதமலை யாத்திரை சீசன் நடுவில் ஒரு மார்ச் மாதம் மண்சரிவில் வீதி ஒரு வாரம் மூடப்பட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த மார்ச்சில் எதிர்பாராத ஒரு பள்ளம். அதன் தாக்கம் அடுத்த மாதமான ஏப்ரலுக்குப் போகிறது, அது θ-வின் வேலை. அடுத்த வருட மார்ச்சுக்கும் போகிறது, அது Θ-வின் வேலை. அப்புறம், அடுத்த வருட மார்ச்சுக்கு அடுத்த ஏப்ரல்? போன ஏப்ரலில் இருந்த மிச்சம் வருடம் தாண்டி அங்கேயும் வந்து சேர வேண்டும். பதின்மூன்று மாதம் தள்ளி. இரண்டு அடைப்புகளையும் பெருக்கிப் பாருங்கள்:

```
(1 - θB)(1 - ΘB^12) = 1 - θB - ΘB^12 + θΘB^13
```

கடைசி உறுப்புக்குத் தனியாகக் கெழு எதுவும் மதிப்பிட வேண்டியதில்லை. முதல் இரண்டின் பெருக்கமே அது. இதைத்தான் பெருக்கல் பருவ உறுப்பு என்கிறோம்.

தன்தொடர்புப் படத்தில் இது ஒரு தடம் விடும். கூட்டல் மாதிரி உண்மையாக இருந்தால் 11-இல் கம்பி இருக்கும், 13-இல் பூச்சியம். பெருக்கல் மாதிரி உண்மையாக இருந்தால் 12-இன் இரு பக்கமும் ஒரே உயரத்தில் இரண்டு சின்னக் கம்பிகள் நிற்கும், உயரம் 1-வது கம்பியையும் 12-வது கம்பியையும் பெருக்கி வருவது. விமானத் தரவில் 1-வது கம்பி −0.34, 12-வது −0.39. பெருக்கினால் 0.13. படத்தில் 13-வது 0.15, 11-வது 0.06. 131 எண்களுக்கு ஒரு கம்பியின் நியம வழு ஏறக்குறைய 0.09. இரண்டும் அந்தத் தூரத்துக்குள்தான் இருக்கின்றன. இந்தச் சின்னக் கம்பிகள் பெரும்பாலும் தற்செயலின் எல்லையைக் காட்டும் நீலக் கோட்டைத் தாண்டாது என்பதையும் கவனியுங்கள். தாண்டினால்தான் கணக்கில் எடுப்பேன் என்று இருந்தால் இந்தத் தடத்தைத் தவறவிடுவீர்கள்.

பொருத்துவது சுலபம்:

```r
arima(log(AirPassengers), order = c(0,1,1),
      seasonal = c(0,1,1))
```

`ma1` −0.4018, நியம வழு 0.0896. `sma1` −0.5569, நியம வழு 0.0731. மீதியின் மாறற்றிறன் 0.001348, அதன் வர்க்கமூலம் 0.037. ஒரு மாதம் முன்னோக்கிச் சொன்னால் ஏறத்தாழ 3.7 சதவீதம் பிசகும் என்று அர்த்தம். இந்த எண்கள் உங்கள் திரையில் வராவிட்டால் சொந்தத் தரவுக்குப் போக வேண்டாம், கட்டளையை முதலில் பாருங்கள்.

பெருக்கம் உண்மையிலேயே பொருந்துகிறதா என்று சந்தேகம் இருந்தால் 13-வது கெழுவைச் சுதந்திரமாக விட்டுப் பார்க்கலாம். இடையில் உள்ள பத்தையும் பூச்சியமாகப் பூட்டிவிடுங்கள்:

```r
arima(log(AirPassengers), order = c(0,1,13),
      seasonal = c(0,1,0),
      fixed = c(NA, rep(0,10), NA, NA))
```

மதிப்பிட்ட 13-வது கெழு, மற்ற இரண்டின் பெருக்கத்திலிருந்து இரண்டு நியம வழுவுக்குள் இருந்தால் பெருக்கல் மாதிரியை மறுக்கக் காரணமில்லை. இந்தச் சோதனையைத் தம்பியின் கோப்பில் ஓட்டினோம், பொருந்தியது. பதின்மூன்று கெழுக்கள் போய் இரண்டு ஆயின, கம்பியும் அடங்கியது.

புத்தகத்தில் 0.4, என் திரையில் −0.4

பிழை இல்லை. பொக்ஸ்–ஜென்கின்ஸ் வழக்கில் அடைப்புக்குள் கழித்தல் குறி, ஆர் கூட்டல் குறி வைத்து எழுதுகிறது. 13-வது கெழு இரண்டு எழுத்திலும் நேர்மமாகவே வரும், கழித்தலைக் கழித்தலால் பெருக்குவதால்.

எல்லாம் சரி, ஆனால் அடுத்தடுத்த இரண்டு மாதங்களில் ஒன்று பெரிய பள்ளம், மற்றது பெரிய மேடு

இதற்கு நிறைய நேரம் கொடுக்க வேண்டும், ஏனென்றால் நம் மலையகத்துத் தரவுகளில் இதுதான் மிகக் கூடுதலாக வரும் கோளாறு. அரிமா எண்களை எவ்வளவு மாற்றினாலும் இது போகாது.

விமானத் தரவில் 1960 மார்ச்சைப் பாருங்கள். போன மார்ச் 406, இந்த மார்ச் 419. வளர்ச்சி 3 சதவீதம்தான். பிப்ரவரியில் 14 சதவீதம், ஏப்ரலில் 396-இலிருந்து 461, அதாவது 16 சதவீதம். இரட்டை வேறுபாடு மார்ச்சில் −0.10, ஏப்ரலில் +0.12. `w`-இன் நியம விலகல் 0.046 அளவுதான். இரண்டு மாதமும் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் விலகி நிற்கின்றன, எதிரெதிர்த் திசையில். காரணம் நாட்காட்டியில் இருக்கிறது. ஈஸ்டர் 1959-இல் மார்ச் 29, 1960-இல் ஏப்ரல் 17. விடுமுறைக் கூட்டம் ஒரு மாதத்திலிருந்து அடுத்த மாதத்துக்கு நகர்ந்துவிட்டது. பன்னிரண்டு மாதம் பின்னால் பார்க்கும் மாதிரிக்கு மார்ச் என்றால் மார்ச்தான், ஈஸ்டர் எங்கே போனது என்று அதற்குத் தெரியாது.

நல்லதண்ணி வீதியில் ஈஸ்டரின் இடத்தில் இருப்பது போயா, அதாவது பௌர்ணமி நாள். சிவனொளிபாதமலை சீசன் உந்துவப் போயாவில் தொடங்கி வெசாக் போயாவோடு முடிகிறது. 2017-இல் உந்துவப் போயா டிசம்பர் 3. அந்த டிசம்பரில் தொடக்க நாளோடு சேர்த்து 29 சீசன் நாட்கள். 2018-இல் அது டிசம்பர் 22, ஆகவே 10 நாட்கள்தான். மற்றப் பக்கமும் அப்படியே. 2018-இல் வெசாக் ஏப்ரல் 29-இல் வந்ததால் மே மாதத்தில் சீசன் நாளே இல்லை. 2019-இல் வெசாக் மே 18, ஆகவே மே மாதத்தில் 18 நாட்கள். தம்பியின் மீதிப் படத்தில் 2018 டிசம்பர் ஆழத்தில் கிடந்தது. அவர் அதை ஒரு வழுவான பதிவு என்று நினைத்து அழிக்கப் பார்த்தார். "அழிக்க வேண்டாம் தம்பி, போயாக் கலண்டரை எடுங்க" என்றேன்.

ஒவ்வொரு மாதத்துக்கும் எத்தனை சீசன் நாட்கள் என்று ஒரு நிரல் போடுங்கள். அதை மாதிரிக்கு வெளி மாறியாகக் கொடுங்கள்:

```r
fit <- arima(log(y), order = c(0,1,1),
             seasonal = c(0,1,1), xreg = naal)
predict(fit, n.ahead = 12, newxreg = naal_adutha)
```

மென்பொருள் இந்த நிரலுக்கும் அதே வேறுபாடுகளை எடுக்கும். அதனால் ஜனவரி 31, மார்ச் 31 என்று வருடாவருடம் மாறாமல் வரும் நாட்கள் தாமாகக் கழிந்துபோகும். டிசம்பர், ஏப்ரல், மே ஆகியவற்றில் உள்ள மாற்றமே கெழுவைத் தீர்மானிக்கும். இதே காரணத்தால் சித்திரை வருடப்பிறப்புக்கு ஒரு மாறி போட்டால் வேலை செய்யாது. அது எந்த வருடமும் ஏப்ரல் நடுவில்தான் வரும், வேறுபாடு எடுத்த பிறகு நிரல் முழுக்கப் பூச்சியம். மென்பொருள் நின்றுவிடலாம், அல்லது பொருளில்லாத ஓர் எண்ணைத் தரலாம். அந்த மாறி தேவையும் இல்லை, பருவ வேறுபாடே அதைக் கவனித்துவிட்டது.

`'xreg' and 'newxreg' have different numbers of columns` என்று திரையில் வந்தால் எதிர்காலத்துக்கான நாட்களைக் கொடுக்க மறந்துவிட்டீர்கள். அடுத்த வருடப் போயா முன்கூட்டியே தெரியும் என்பதால் அந்த நிரலை எழுதுவது கஷ்டமில்லை.

தீபாவளியும் இப்படித்தான். 2017-இல் ஒக்டோபர் 18, 2018-இல் நவம்பர் 6, 2019-இல் ஒக்டோபர் 27. கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைகள் தோட்டத்துக்கு வருவது பண்டிகைக்கு முந்தின நாட்களில். முந்தின ஏழு நாட்களை எடுத்தால், 2018-இல் இரண்டு நாள் ஒக்டோபரில், ஐந்து நாள் நவம்பரில். ஆகவே 2/7, 5/7 என்று இரண்டு மாதத்துக்கும் பிரித்துக் கொடுங்கள். தீபாவளி எந்த மாதமோ அதற்கு 1 என்று போட்டால் ஒக்டோபர் கடைசியில் பஸ் நிறைந்த இரண்டு நாள் விடுபட்டுவிடும்.

இதற்கு ஓர் எல்லை உண்டு. எட்டு வருடத்தில் எட்டு டிசம்பர்தான், வேறுபாடு எடுத்த பிறகு ஏழு. ஒரு கெழு இவ்வளவு குறைந்த சான்றில் நிற்கும்போது அதன் நியம வழு பெரிதாகவே இருக்கும். மேலும் சீசனில் சனி, ஞாயிறு, போயா நாட்களின் கூட்டம் வார நாளைப்போல் இல்லை. எல்லா நாளையும் ஒன்றாக எண்ணுவதைவிட வார இறுதிகளை மட்டும் எண்ணினால் நன்றாகப் பொருந்தக்கூடும், இரண்டையும் போட்டு ஒப்பிடுங்கள். 2019 மே மாதத்தில் 18 சீசன் நாட்கள் இருந்தும் எண்ணிக்கை ஏறியிராது, ஏனென்றால் ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு மக்கள் பயணத்தைக் குறைத்துக்கொண்டார்கள். அந்த மாதங்களுக்குத் தனி மாறி கொடுக்காவிட்டால் சீசன் நாட்களின் கெழுவை அது கீழே இழுத்துவிடும்.

மடக்கை எடுத்தால் `-Inf`, அல்லது 2021-இன் எதிர்வுகூறல் ஏப்ரலில் மட்டும் பாதாளத்தில்

2020 மார்ச் 20-இல் ஊரடங்கு வந்தது. பஸ் ஓடாத மாதம் பூச்சியம், பூச்சியத்துக்கு மடக்கை இல்லை. பூச்சியத்துக்குப் பதில் 1 போட்டு ஓட்டுவது அதைவிடக் கெடுதல். மாதிரி அந்தப் பள்ளத்தைப் பருவம் என்று எடுத்துக்கொண்டு, Θ வழியாக அடுத்த வருட ஏப்ரலுக்கும், θΘ வழியாக மே மாதத்துக்கும் கொண்டுபோய்விடும். வண்டி ஓடாத மாதங்களுக்கு `NA` போடுங்கள். `arima` கட்டளை விடுபட்ட மாதங்களைத் தாண்டி மதிப்பிடக்கூடியது. பாதி ஓடிய மாதங்களை மட்டும் தனி மாறி போட்டு அடக்கலாம், ஒவ்வொரு மாதத்துக்கும் ஒன்றாக.